அயர்ன் காண்டாரின் அதிகபட்ச நஷ்டம் எங்கே இருக்கிறது?

நிஃப்டி வாரக்கணக்கில் ஒரே வட்டத்துக்குள் சுற்றிக்கொண்டிருக்கும் காலங்கள் உண்டு. காலையில் நூறு புள்ளி ஏறும், மதியம் எண்பது புள்ளி இறங்கும், வெள்ளிக்கிழமை பார்த்தால் திங்கட்கிழமை நின்ற இடத்துக்குப் பக்கத்திலேயே நிற்கும். இப்படிப்பட்ட சந்தையில் ஆப்ஷன் வாங்கியவரின் பணம் நாளுக்கு நாள் கரைகிறது. கரையும் பணம் ஆப்ஷனை விற்றவரிடம் சேர்கிறது. இதைச் சில மாதங்கள் கவனித்தவருக்கு, நாமும் விற்றால் என்ன என்று தோன்றுவது இயல்பு.

விற்பதில் இருக்கும் ஆபத்தை முதலில் பார்த்துவிடுவோம். நிஃப்டி இப்போது 25,000-இல் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு வாரம் கழித்து முடியும் 25,500 கால் ஆப்ஷனை நீங்கள் 72 ரூபாய்க்கு விற்கிறீர்கள். எக்ஸ்பைரி நாளில் நிஃப்டி 25,500-க்குக் கீழே முடிந்தால் அந்த 72 ரூபாய் முழுவதும் உங்களுக்கு. 26,500-இல் முடிந்தால், வாங்கியவருக்கு நீங்கள் ஒவ்வொரு யூனிட்டுக்கும் 1,000 ரூபாய் தர வேண்டும். நிஃப்டி எவ்வளவு ஏறுகிறதோ அவ்வளவு தர வேண்டும், மேலே எல்லை கிடையாது. புட் ஆப்ஷனை விற்றால் இதே கணக்கு கீழ்ப்பக்கமாக ஓடும். வருமானம் 72 ரூபாயோடு நிற்கிறது, பொறுப்பு மட்டும் நிற்காமல் போகிறது. சந்தையில் இதை ‘நேக்கட்’ விற்பனை என்பார்கள்.

அயர்ன் காண்டார் இந்தத் திறந்த பொறுப்புக்கு இரண்டு பக்கமும் சுவர் எழுப்பும் முறை. நான்கு ஆப்ஷன்கள், எல்லாம் ஒரே எக்ஸ்பைரி. மேலே ஒரு காலை விற்று, அதற்கும் மேலே உள்ள காலை வாங்க வேண்டும். கீழே ஒரு புட்டை விற்று, அதற்கும் கீழே உள்ள புட்டை வாங்க வேண்டும். விற்ற இரண்டும் சந்தைக்குப் பக்கத்தில் இருப்பதால் விலை அதிகம்; வாங்கிய இரண்டும் தள்ளி இருப்பதால் விலை குறைவு. வித்தியாசம் உங்கள் கைக்கு வருகிறது. விற்ற இரண்டு ஸ்ட்ரைக்குகளுக்கு நடுவே சந்தை முடிந்தால் அந்த வித்தியாசம் முழுவதும் லாபம்.

ஒரு காண்டாரை எண்களோடு கட்டிப் பார்ப்போம். விலைகள் கணக்குக்காக நான் வைத்தவை. ஆனால் இரண்டு வார எக்ஸ்பைரியில், அமைதியான சந்தையில் இந்த அளவில்தான் இருக்கும். 25,500 காலை 72-க்கு விற்கிறோம், 25,700 காலை 38-க்கு வாங்குகிறோம். மேல்பக்கத்தில் கைக்கு வருவது 34 ரூபாய். 24,500 புட்டை 70-க்கு விற்கிறோம், 24,300 புட்டை 42-க்கு வாங்குகிறோம். கீழ்ப்பக்கத்தில் 28 ரூபாய். மொத்தம் 62. இதுதான் நிகர பிரீமியம். ஒரு லாட்டுக்கு 65 யூனிட் என்று கணக்கிட்டால் 4,030 ரூபாய். லாட் அளவை எக்ஸ்சேஞ்ச் அவ்வப்போது மாற்றும் என்பதால், உங்கள் ஒப்பந்தத்தில் என்ன எண் இருக்கிறது என்பதைப் பார்த்துக்கொண்டு பெருக்க வேண்டும்.

இனி எக்ஸ்பைரி நாளுக்குப் போவோம். நிஃப்டி 24,500-க்கும் 25,500-க்கும் இடையில் எங்கே முடிந்தாலும் நான்கு ஆப்ஷன்களும் மதிப்பிழக்கும், 62 புள்ளி முழுவதும் நமக்கு. 24,438-இல் முடிந்தால்? விற்ற 24,500 புட்டுக்கு 62 புள்ளி தர வேண்டும், வாங்கிய 62 சரியாகப் போய்விடும். லாபமும் இல்லை, நஷ்டமும் இல்லை. இது கீழ்ப்பக்க பிரேக் ஈவன். மேல்பக்கத்தில் அதே கணக்கில் 25,562.

அந்தப் புள்ளியிலிருந்து கீழே ஒவ்வொரு புள்ளி இறங்கும்போதும் நஷ்டம் ஒரு புள்ளி கூடும். 24,400-இல் முடிந்தால் 38 புள்ளி நஷ்டம். 24,300-இல் முடிந்தால் 138. இன்னும் கீழே, 24,000-இல் முடிந்தால் என்ன ஆகும்? விற்ற புட்டுக்கு நாம் 500 தர வேண்டும். ஆனால் வாங்கி வைத்த 24,300 புட் நமக்கு 300 தருகிறது. கையை விட்டுப் போவது 200, முன்பே வாங்கியது 62, நஷ்டம் அதே 138. நிஃப்டி 22,000-க்கே போனாலும் 138தான். லாட்டால் பெருக்கினால் 8,970 ரூபாய்.

ஆக, அதிகபட்ச நஷ்டம் ஒரு தனிப் புள்ளியில் இல்லை. நீங்கள் வாங்கிய ஸ்ட்ரைக்கில் தொடங்கி, அதற்கு அப்பால் முழுவதும் அது சமதளமாகப் பரவிக் கிடக்கிறது. கீழே 24,300-உம் அதற்குக் கீழும். மேலே 25,700-உம் அதற்கு மேலும். விற்ற ஸ்ட்ரைக்கைச் சந்தை தொட்டதும் ‘போச்சு, முழு நஷ்டம்’ என்று பதறுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். எக்ஸ்பைரி அன்று சரியாக 24,500-இல் சந்தை முடிந்தால் அந்தக் காண்டாருக்கு முழு லாபம். நஷ்டம் 62 புள்ளி தள்ளித்தான் தொடங்குகிறது, 200 புள்ளி தள்ளி முழுமையடைகிறது.

இன்னொரு குழப்பமும் அடிக்கடி வருகிறது. இரண்டு பக்கமும் 200 புள்ளி அகலம் என்றால் ஆபத்து 400 அல்லவா என்று கேட்பார்கள். இல்லை. எக்ஸ்பைரி நாளில் நிஃப்டிக்கு ஒரே ஒரு முடிவு விலைதான் இருக்க முடியும். அது 24,300-க்குக் கீழேயும் 25,700-க்கு மேலேயும் ஒரே சமயத்தில் இருக்காது. ஒரு பக்கம் தோற்றால் மறுபக்கத்தின் பிரீமியம் முழுவதும் நமக்குத் தங்கிவிடும். அதனால்தான் கழிப்பது அந்தப் பக்கத்தின் பிரீமியத்தை மட்டுமல்ல, இரண்டு பக்கத்தையும் சேர்த்த 62-ஐ. சூத்திரமாக எழுதினால் இவ்வளவுதான்:

```
அதிகபட்ச நஷ்டம் = (அகலமான பக்கத்தின் அகலம் − நிகர பிரீமியம்) × லாட்
```

‘அகலமான பக்கத்தின்’ என்ற சொல்லைக் கவனிக்க வேண்டும். இரண்டு பக்கமும் சம அகலமாக இருக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. சரியாக அந்த இடத்தில்தான் பலரும் தெரியாமல் ஆபத்தை வளர்த்துக்கொள்கிறார்கள். நம் காண்டாரிலேயே 24,300 புட்டுக்கு 42 ரூபாய் கொடுக்க மனம் வரவில்லை என்று வைத்துக்கொள்வோம். நிஃப்டி அவ்வளவு தூரம் எங்கே வரப் போகிறது என்று, 20 ரூபாய்க்குக் கிடைக்கும் 24,000 புட்டை வாங்குகிறோம். நிகர பிரீமியம் 62-இலிருந்து 84 ஆகிவிடும். லாட்டுக்கு 1,430 ரூபாய் கூடுதல் வரவு. திரையில் பார்க்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் கீழ்ப்பக்க அகலம் இப்போது 500 புள்ளி. அதிலிருந்து 84 போக 416. லாட்டுக்கு 27,040 ரூபாய். முன்பு இருந்த நஷ்ட எல்லையைவிட மூன்று மடங்கு. மேல்பக்கத்திலோ 200-இலிருந்து 84 போக 116 புள்ளி, 7,540 ரூபாய் மட்டும். இப்போது இந்தக் காண்டாருக்கு இரண்டு வேறு நஷ்டங்கள் இருக்கின்றன. பெரியது கீழே உட்கார்ந்திருக்கிறது. 1,430 ரூபாய்க்காக 18,070 ரூபாய் ஆபத்தை வாங்கிப் போட்டிருக்கிறோம். சந்தை கீழே போகாது என்று உறுதியான காரணத்தோடு நம்பி, தெரிந்தே இதைச் செய்பவர்கள் உண்டு. ஹெட்ஜ் விலை உறுத்துகிறது என்பதற்காகச் செய்தால் அது தவறு என்பதே என் கருத்து.

சரி, சம அகலக் காண்டாருக்கே திரும்புவோம். 62 கிடைக்கலாம், 138 போகலாம். முழு லாபம், முழு நஷ்டம் என்ற இரண்டு முடிவு மட்டுமே இருந்தால், நூற்றுக்கு 69 முறை வென்றால்தான் கை நஷ்டமில்லாமல் நிற்கும். இடைப்பட்ட முடிவுகளும் உண்டு என்பதால் நிஜக் கணக்கு இவ்வளவு கறாராக இருக்காது. ஆனாலும் இரண்டு முழு லாபத்தை ஒரு முழு நஷ்டம் விழுங்கி மிச்சமும் கேட்கும் என்பது மாறாது. புரோக்கரேஜ், பரிவர்த்தனை வரி, ஜிஎஸ்டி எல்லாம் இதற்கு மேல். நான்கு லெக் என்பதால் நுழையும்போது நான்கு ஆர்டர், முன்கூட்டியே வெளியேறினால் இன்னும் நான்கு. 4,030 ரூபாய் வரவில் இந்தச் செலவு கண்ணுக்குத் தெரியும் அளவுக்கு இருக்கும்.

ஸ்ட்ரைக்கை எவ்வளவு தள்ளி வைப்பது என்பதற்குப் பலரும் இந்தியா விக்ஸ் எண்ணைப் பார்க்கிறார்கள். நிஃப்டி ஆப்ஷன் விலைகளிலிருந்து கணக்கிடப்படும் இந்த எண், சந்தை எவ்வளவு ஆடும் என்று ஆப்ஷன் விலைகள் எதிர்பார்க்கின்றன என்பதை வருடாந்திரச் சதவீதமாகச் சொல்கிறது. விக்ஸ் 12, கையில் 14 நாள் என்றால், 25,000-ஐ 0.12-ஆல் பெருக்கி, 14-ஐ 365-ஆல் வகுத்து வரும் எண்ணின் வர்க்கமூலத்தால் மீண்டும் பெருக்க வேண்டும். சுமார் 588 புள்ளி வரும். மேலே 588, கீழே 588 என்ற இந்த எல்லைக்குள் சந்தை முடிய ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு வாய்ப்பு இருக்கிறது என்று அந்த விலைகள் சொல்கின்றன. நம் ஸ்ட்ரைக்குகள் 500 புள்ளி தள்ளித்தான் இருக்கின்றன, அதாவது எதிர்பார்க்கப்படும் ஆட்டத்துக்கு உள்ளேயே. 62 ரூபாய் நமக்குக் கிடைப்பது அதனால்தான். ஸ்ட்ரைக்கை 900 புள்ளி தள்ளினால் வெல்லும் வாய்ப்பு கூடும், பிரீமியம் சுருங்கிவிடும், அதே அகலத்துக்கு அதிகபட்ச நஷ்டம் பெருகும்.

அமைதியான சந்தைக்காக இதைக் கட்டுபவர்கள் யோசிக்க வேண்டிய சிக்கல் ஒன்று இங்கே இருக்கிறது. சந்தை அமைதியாக இருப்பது உங்களுக்கு மட்டும் தெரிந்த செய்தி அல்ல. விக்ஸ் இறங்கும்போது ஆப்ஷன் விலைகளும் இறங்கிவிடுகின்றன. நேற்று 62 கிடைத்த அதே நான்கு ஸ்ட்ரைக்குக்கு இன்று 35தான் கிடைக்கிறது என்றால், அதிகபட்ச நஷ்டம் 138-இலிருந்து 165 ஆகிறது. சந்தை ஒரே இடத்தில் நிற்கிறது என்பது மட்டும் காண்டார் கட்டப் போதுமான காரணம் இல்லை. ஆப்ஷன் விலைகள் எதிர்பார்ப்பதைவிடச் சந்தை குறைவாக ஆடும் என்று நினைக்க உங்களிடம் காரணம் இருக்க வேண்டும். இரண்டு வாரத்துக்குள் ரிசர்வ் வங்கிக் கூட்டமோ, பட்ஜெட்டோ, தேர்தல் முடிவோ வருகிறதா என்று காலண்டரைப் பார்ப்பது இந்த வேலையின் முதல் படி.

ஆர்டர் போடும் வரிசையும் நஷ்ட எல்லையைப் பாதிக்கும். வாங்க வேண்டிய இரண்டையும் முதலில் வாங்கிவிட்டு, பிறகு விற்க வேண்டும். விற்பனையை முதலில் செய்தால் அந்தச் சில நிமிடங்களுக்கு உங்களிடம் இருப்பது நேக்கட் விற்பனை. புரோக்கர் அதற்குரிய பெரிய மார்ஜினைக் கேட்பார். ஹெட்ஜ் கையில் இருந்தால் அது வெகுவாகக் குறையும். வெளியேறும்போது வரிசை தலைகீழ்: விற்றதை முதலில் திரும்ப வாங்கி முடித்து, அப்புறம்தான் ஹெட்ஜை விற்க வேண்டும். சந்தை சரியும் நாளில் வாங்கிய புட் நல்ல லாபத்தில் நிற்கும். அதை மட்டும் விற்றுக் காசாக்கிக்கொண்டு விற்ற புட்டை அப்படியே விடுகிறவர் உண்டு. அந்த நொடியில் 138 என்ற எல்லை காணாமல் போகிறது. புரோக்கர் பிடித்து வைக்கும் மார்ஜின் தொகையை அதிகபட்ச நஷ்டம் என்று எண்ணுவதும் தவறு. மார்ஜின் எக்ஸ்சேஞ்சின் விதிப்படி கணக்கிடப்படும் பிணைத்தொகை. அது பெரும்பாலும் காண்டாரின் நஷ்ட எல்லையைவிட அதிகமாகவே இருக்கும், நடுவில் மாறவும் செய்யும்.

இந்தக் கணக்கு நிஜச் சந்தையில் எப்படி நடந்துகொள்கிறது என்பதைக் காட்ட 2024 ஜூன் மாதத்தின் முதல் வாரத்தைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை. மக்களவைத் தேர்தல் முடிவு வந்த வாரம். மே 31, வெள்ளிக்கிழமை நிஃப்டி 22,530.70-இல் முடிந்தது. அன்று ஒருவர் ஜூன் 6 எக்ஸ்பைரிக்கு ஒரு காண்டார் கட்டினார் என்று கற்பனை செய்வோம்: 22,000 புட்டும் 23,000 காலும் விற்பனை, 21,800 புட்டும் 23,200 காலும் ஹெட்ஜ். தேர்தல் முடிவுக்கு முன்னால் கட்டியதே தவறு என்று சொல்லலாம், நானும் அப்படித்தான் சொல்வேன். ஆனால் சந்தை போன பாதையைப் பாருங்கள்.

வாக்குக் கணிப்புகளுக்குப் பிறகு வந்த திங்கட்கிழமை, ஜூன் 3, நிஃப்டி ஒரே நாளில் 733 புள்ளி ஏறி 23,263.90-இல் முடிந்தது. மேல்பக்க ஹெட்ஜையும் தாண்டிவிட்டது. அன்றே எக்ஸ்பைரியாக இருந்தால் மேல்பக்கத்தில் முழு நஷ்டம். மறுநாள் வாக்கு எண்ணிக்கை. நிஃப்டி 1,379 புள்ளி சரிந்து 21,884.50-இல் முடிந்தது, நடுவில் 21,281 வரை போய்வந்தது. இப்போது மாட்டிக்கொண்டது கீழ்ப்பக்கம். நாளின் அடிமட்டத்தில் 21,800 ஹெட்ஜையும் ஐந்நூறு புள்ளி தாண்டியிருந்தது. புதன்கிழமை சந்தை மீண்டது. எக்ஸ்பைரி நாளான வியாழன், ஜூன் 6, நிஃப்டி முடிந்த இடம் 22,821.40. விற்ற இரண்டு ஸ்ட்ரைக்குகளுக்கும் நடுவே. நான்கு லெக்கையும் தொடாமல் வைத்திருந்தவருக்குக் கணக்குப்படி முழு பிரீமியமும் மிஞ்சியிருக்கும்.

இதைப் படித்து, சும்மா இருந்தால் காண்டார் காப்பாற்றிவிடும் என்று எண்ண வேண்டாம். சந்தை செவ்வாய்க்கிழமை விழுந்த இடத்திலேயே நின்றிருந்தால் நஷ்டம்தான். இந்த வாரம் காட்டுவது வேறொன்று. எக்ஸ்பைரியில் ஒரு பக்கம்தான் தோற்க முடியும் என்று மேலே சொன்னேன். ஆனால் நடுவில் கைவைக்கும் மனிதர் இரண்டு பக்கத்திலும் தோற்கலாம். திங்கட்கிழமை பயந்து கால் பக்கத்தை நஷ்டத்தில் மூடிவிட்டு, புட் பக்கம் பத்திரமாக இருக்கிறது என்று வைத்திருந்து, செவ்வாய்க்கிழமை அதையும் நஷ்டத்தில் மூடியவருக்கு இரண்டு நஷ்டமும் சேர்ந்து வரும். 200 புள்ளி அகலம் என்ற கணக்கு அவருக்குப் பொருந்தாது. சூத்திரம் சொல்லும் எல்லை, நான்கு லெக்கும் எக்ஸ்பைரி வரை ஒன்றாக இருக்கும்வரைதான் செல்லும்.

சந்தைக்காரர்கள் ‘அட்ஜஸ்ட்மென்ட்’ என்று சொல்வதிலும் இதே சங்கதி ஒளிந்திருக்கிறது. நம் முதல் காண்டாரில் ஒரு வாரம் போய்விட்டது, நிஃப்டி 24,420-க்கு இறங்கியிருக்கிறது என்போம். 28-க்கு விற்ற புட் ஸ்பிரெட் இப்போது 90-க்கு நிற்கிறது. நஷ்டத்தை ஏற்க மனமில்லாமல், அதை 90 கொடுத்து மூடிவிட்டு, கீழே 24,000 புட்டை விற்று 23,800 புட்டை வாங்குகிறோம். அதில் 30 கிடைக்கிறது. சந்தைக்கும் ஸ்ட்ரைக்குக்கும் நடுவே மறுபடி 420 புள்ளி இடைவெளி. மூச்சு விட முடிகிறது. இப்போது நிகர பிரீமியத்தை மறுபடி கணக்கிடுங்கள். கால் பக்கத்தில் வந்தது 34, புட் பக்கத்தில் முதலில் வந்தது 28, கொடுத்தது 90, மறுபடி வந்தது 30. மிச்சம் 2 புள்ளி. அதிகபட்ச லாபம் லாட்டுக்கு 130 ரூபாய். அதிகபட்ச நஷ்டம் 198 புள்ளி, 12,870 ரூபாய். ஸ்ட்ரைக் கீழே போனது கண்ணுக்குத் தெரிந்தது. 8,970-ஆக இருந்த நஷ்ட எல்லை வளர்ந்தது தெரியவில்லை. பெரும்பாலான திரைகள் புதிய லெக்குகளின் லாப நஷ்டப் படத்தை மட்டும் வரையும். ஏற்கெனவே புக் செய்த 62 புள்ளி நஷ்டம் அந்தப் படத்தில் இருக்காது. ஒவ்வொரு அட்ஜஸ்ட்மென்டுக்குப் பிறகும், முதல் நாளிலிருந்து வந்தது போனது எல்லாவற்றையும் கூட்டி நிகர பிரீமியத்தைப் புதிதாக எழுதுவது ஒன்றே வழி.

எக்ஸ்பைரிக்கு முன்னால் திரையில் தெரியும் நஷ்டம் வேறொரு விதத்தில் ஏமாற்றும். ஒரு வாரம் மிச்சமிருக்கும்போது நிஃப்டி 24,300-ஐத் தொட்டாலும், திரை 138 காட்டாது. அதில் பாதி காட்டினாலே அதிகம். 24,300 புட்டில் இன்னும் காலமதிப்பு இருப்பதால் ஸ்பிரெட் முழு 200-க்கு ஏறியிருக்காது. எல்லைக்கோட்டில் நின்றும் நஷ்டம் சிறிதாகத்தானே இருக்கிறது என்று தோன்றும். சந்தை அங்கேயே நின்று நாள் ஓட ஓட அது 138-ஐ நோக்கி நகரும். எதிர்மாறாக, விக்ஸ் திடீரென்று ஏறினால், நிஃப்டி இரண்டு ஸ்ட்ரைக்குகளுக்கு நடுவில் பத்திரமாக இருக்கும்போதே காண்டார் நஷ்டம் காட்டும். இரண்டுமே இடைக்காலக் காட்சி. வெளியேறுவதா என்று முடிவெடுக்கும்போது, இன்னும் எவ்வளவு போகலாம், இன்னும் எவ்வளவு வரலாம் என்ற இரண்டு எண்களையும் பக்கத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

எக்ஸ்பைரி நாளின் கடைசி மணி நேரம் தனியாகச் சொல்ல வேண்டியது. நிஃப்டி ஆப்ஷன்கள் பணமாகத் தீர்க்கப்படுபவை, எக்ஸ்பைரி அன்று மட்டுமே எக்ஸர்சைஸ் ஆகக்கூடியவை. தீர்வு விலை என்பது திரையில் கடைசியாகத் துடித்த எண் அல்ல. குறியீட்டின் முடிவு விலையைக் கடைசி அரைமணி நேர வர்த்தகத்தின் சராசரியிலிருந்து கணக்கிடுவதே இங்கே நெடுங்காலமாக இருந்துவரும் முறை. 3.29-க்குத் திரை 24,505 காட்டினாலும் தீர்வு 24,470 ஆக வரலாம். விற்ற ஸ்ட்ரைக்குக்கு ஒட்டிச் சந்தை நிற்கும் நாளில் இந்தச் சில புள்ளிகளே லாபத்தின் பாதியைத் தீர்மானிக்கும். 2024 நவம்பர் முதல் செபி விதிப்படி எக்ஸ்பைரி நாளில் விற்ற ஆப்ஷன்களுக்கு 2 சதவீதம் கூடுதல் மார்ஜினும் உண்டு. கணக்கில் அதற்குப் பணம் இல்லையென்றால், நீங்கள் விரும்பாத நேரத்தில் பொசிஷன் மூடப்படலாம்.

தனிப் பங்குகளில் காண்டார் கட்டுவோருக்கு மேலே சொன்ன எதுவும் அப்படியே பொருந்தாது. 2019 அக்டோபர் முதல் இந்தியாவில் பங்கு ஆப்ஷன்கள் எல்லாமே பங்காகவே கைமாறித் தீர்கின்றன. விற்ற புட்டுக்கும் வாங்கிய புட்டுக்கும் நடுவே பங்கு முடிந்தால், ஹெட்ஜ் மதிப்பிழந்துவிடும். விற்ற புட்டுக்காக ஒரு லாட் பங்கை முழுப் பணம் கொடுத்து வாங்கியாக வேண்டும். வாங்கிய பங்கு மறுநாள் எங்கே திறக்கும் என்று எந்தச் சூத்திரமும் சொல்லாது. அதிகபட்ச நஷ்டம் எக்ஸ்பைரியோடு முடியாமல் அடுத்த நாளுக்கும் நீள்கிறது. அதனால் முதன்முறை கட்டுபவர் குறியீட்டு ஆப்ஷனோடு நின்றுகொள்வதே சரி.

2022 முதல் 2024 வரையிலான மூன்று நிதியாண்டுகளில் பங்கு டெரிவேட்டிவ் சந்தையில் ஈடுபட்ட தனிநபர்களில் 93 சதவீதத்தினர் நஷ்டமடைந்தார்கள் என்று செபியின் ஆய்வு சொல்கிறது. காண்டார் கட்டுபவரும் அதே சந்தைக்குள்தான் வருகிறார். அவருக்கு இருக்கும் ஒரே வசதி, போகக்கூடிய பெரிய தொகையை ஆர்டர் போடுவதற்கு முன்பே அறிந்துகொள்ள முடியும் என்பது. அகலமான பக்கத்தைப் பாருங்கள், நிகர பிரீமியத்தைக் கழியுங்கள், லாட்டால் பெருக்குங்கள், செலவைக் கூட்டுங்கள். வரும் ரூபாயை ஒரு தாளில் எழுதி வையுங்கள். அடுத்தடுத்து மூன்று முறை அந்தத் தொகை போனால் உங்களால் தாங்க முடியாது என்றால், ஹெட்ஜை இன்னும் பக்கத்தில் கொண்டு வாருங்கள்; அப்படியும் தொகை பெரிதாக இருந்தால் இந்த எக்ஸ்பைரியை விட்டுவிடுங்கள்.